விழட்டும், ரூக்ஸார்

ரூக்ஸாருக்கு முன்னால் ஒரு ஷட்டில் காக் தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை. வலைக்குப் பக்கத்தில் தரைக்கு நூலளவு உயரத்தில் செத்துக்கொண்டிருக்கும் ஷட்டிலைக்கூட எங்கிருந்தோ ஓடி வந்து, முட்டி தரையில் தேய, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். "எப்படிடி எடுத்தே?" என்று கேட்டால், "தெரியாது வேதா, விழறதைப் பார்த்தாலே வயித்துல என்னமோ ஆவுது" என்பாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நடந்ததெல்லாம் இந்த வயிற்றுக் கலக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் விளையாட்டு டீச்சர்கள். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போகும் பகுதியையும் தாண்டி இருக்கிற தனியார் பள்ளி. நான் ஈட்டி எறிந்தவள். குண்டு, வட்டு, ஈட்டி, எறிபந்து எல்லாம் என் பொறுப்பு. அவள் ஷட்டில். எனக்கு வாய் ஜாஸ்தி, அவளுக்குக் கம்மி. அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போனது.

அவளுடைய அப்பா கவுஸ் பாஷா டெய்லர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் அவர் மிஷினில் தைத்ததுதான். பெண்பிள்ளை மைதானத்தில் குதிக்கிறதா என்று உறவில் நாலு பேர் பேசியபோது, அவர் யாரிடமும் வாதாடவில்லை. கணுக்கால்வரை மூடுகிற, ஆனால் குதித்தால் கிழியாத ஒரு பேன்ட்டைத் தானே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். அந்த பேன்ட்டோடுதான் அவள் மாவட்டம் ஆடினாள், பல்கலைக்கழக அணிக்கு ஆடினாள். பெண் பார்க்க வந்த ஜீஷானிடம், "ஷட்டிலை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்று சொன்னாளாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிற ஜீஷான், "எந்த சைஸ் ஷூ?" என்று கேட்டாராம். மாமியார் ரஹமத்துன்னிசா போட்டி நடக்கும் இடத்துக்கெல்லாம் டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் புரியாது. மருமகள் அடித்தால் சரி, அடுத்தவள் அடித்தால் தப்பு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விதி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டவர் எங்கள் கரஸ்பாண்டென்ட் திருமலை சார்.

சென்னையில் ஏதோ ஒரு பெரிய பள்ளிக்குப் போய்விட்டு வந்தவர், டென்னிஸ் கோர்ட் இல்லாத பள்ளியெல்லாம் ஒரு பள்ளியா என்று ஆரம்பித்தார். லீவு முடிந்து நாங்கள் வந்து பார்த்தால் ஷட்டில் கம்பங்களைக் காணோம். பூப்பந்து ஆடிய இடத்தையும் சேர்த்து சமன் செய்து, பச்சையும் நீலமுமாகப் பூசி, டென்னிஸ் கோர்ட் போட்டுவிட்டார்கள். ரூக்ஸார் அந்த நீலத்தின் மேல் நின்று கம்பம் இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மிஸ் யோசிக்கறீங்க? பேட் பேட்தானே?" என்றார் திருமலை சார். "ஷட்டில் ஆடறவங்களுக்கு டென்னிஸ் என்ன பெரிய கம்பசூத்திரமா? நீங்கதான் கோச். தீபம் முடிஞ்சதும் வேலூர்லேர்ந்து அருண்பிரசாத்னு ஒரு சீனியர் கோச் வர்றாரு. கோர்ட்டைத் திறந்து வெச்சு, உங்களோட கொஞ்ச நேரம் ஆடிப் பார்ப்பாரு. அவரு சரின்னா நீங்க இருங்க. இல்லன்னா அவரே ஒரு ஆளை அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு."

"அப்போ நான் சார்?"

"ஷட்டில்தான் இல்லையே மிஸ்" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ரூக்ஸார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆக, விஷயம் இதுதான். மார்கழிக்குள் அவள் டென்னிஸ் ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு மட்டையை எடுத்தாள். நான் பந்து போட்டேன். முதல் பந்து வேலியைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, செங்கம் ரோட்டில் போன ஒரு ஷேர் ஆட்டோவின் கூரையில் விழுந்தது. இரண்டாவது வலையின் அடியில். மூன்றாவது மறுபடி ரோட்டுக்கு. "மட்டை கனமா இருக்குடி" என்றாள். கனம்தான். ஷட்டில் மட்டையை விட மூன்று மடங்குக்கு மேல் கனம். ஆனால் கோளாறு கனத்தில் இல்லை. ஷட்டிலில் கை சும்மா வந்து, கடைசி நொடியில் மணிக்கட்டும் முன்கையும் சொடுக்கும். எங்கே அடிக்கப் போகிறாள் என்று எதிராளிக்குத் தெரியாது. அதுதான் அவளுடைய பெருமை. டென்னிஸ் பந்து அந்தச் சொடுக்கைக் கேட்பதில்லை. மணிக்கட்டை உறுதியாக வைத்து, இடுப்பும் தோளும் திரும்ப, கை முழுசாக வீசிப் போக வேண்டும். அவள் மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் கடைசியில் போய் சொடுக்கியது. மட்டையின் முகம் ஒரு மயிரிழை திரும்பினாலும் பந்து ரோட்டுக்குப் போய்விடும்.

அதைவிட மோசம் இன்னொன்று. நான் போடும் பந்து தரையில் பட்டு எழும்பட்டும் என்று அவள் நிற்கவே மாட்டாள். பந்து இறங்குவதைப் பார்த்ததும் கால் தானாக முன்னால் ஓடும். பாதி வழியிலேயே தட்டிவிடுவாள்.

"விழட்டும் ரூக்ஸார்! விழட்டும்!" என்று கத்துவேன்.

"விழட்டும்னுதான்டி நெனைக்கறேன். காலு கேக்க மாட்டேங்குது."

காலைச் சொல்லிக் குற்றமில்லை. ஷட்டிலில் தரையில் பட்டால் பாயின்ட் போச்சு. காக் வேறு போகப் போக வேகம் குறைந்து பொத்தென்று செங்குத்தாக இறங்கும். ஓடிப் போய் எடுத்தால்தான் உண்டு. இருபது வருஷமாக அந்தக் கால் படித்த பாடம் அது. பந்தோ வேகம் அவ்வளவாகக் குறையாமல் வந்து, பட்டு, எழும்பி, இடுப்புக்கு வரும். நின்று வாங்க வேண்டியதை ஓடிப் போய் வாங்கினால் காலடியில்தான் படும்.

அந்த வாரத்தில் அவளை உண்மையாகவே நோகடித்தது தென்றல்தான். ஆறாம் வகுப்புப் பெண், கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வருகிறவள். வாழ்க்கையில் எந்த மட்டையையும் தொட்டதில்லை. "மிஸ், நானும் அடிக்கட்டா?" என்று வந்தாள். கொஞ்ச நேரம் தவறவிட்டாள். அப்புறம் பந்து எழும்பும்வரை சமர்த்தாக நின்று, ஆனைத் தும்பிக்கை மாதிரி கையை நீட்டி வீசினாள். அழகாக எல்லைக்குள் போய் விழுந்தது. மறுபடி, மறுபடி. ரூக்ஸார் கைதட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியாத குட்டி அடிக்குது. எனக்கு வரலையே, ஏன்?" என்றாள், பிள்ளை போன பிறகு.

"ஒண்ணுமே தெரியாததாலதான் அடிக்குது" என்றேன்.

சமாதானத்துக்காகச் சொன்னதில்லை. குண்டு எறிதலில் நான் தினமும் பார்ப்பது. ஒன்பதாம் வகுப்பு வளவன் கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து ஸ்டம்புக்கு நேராக எறிவான். அவன் கையில் குண்டைக் கொடுத்தால் அதையும் பந்து மாதிரி தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் எறியப் பார்ப்பான். ஃபவுல் ஆவது ஒரு பக்கம், முழங்கை பிய்ந்துவிடும். "எறியாதடா, தள்ளுடா! கழுத்துல வெச்சு தள்ளு!" என்று தொண்டை கட்டக் கத்துவேன். அதே வகுப்பில் எதையும் எறிந்து பழகாத பையன் முதல் நாளே ஒழுங்காகத் தள்ளிவிடுவான். ஆனால் அதே வளவனிடம் ஈட்டியைக் கொடுத்தேன். பக்கவாட்டில் எறியும் பழக்கத்தை மட்டும் தட்டி, கையைத் தலைக்கு மேலே கொண்டுவரச் சொன்னேன். ஒரே வாரத்தில் மற்ற பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். முன் கால் ஊன்ற, இடுப்பு திரும்ப, தோள் வர, முழங்கை வர, கடைசியில் கை வர வேண்டும் என்பதை கிரிக்கெட் அவனுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது. பழைய பழக்கம் ஒன்றுதான். ஒரு இடத்தில் தூக்கிவிடுகிறது, இன்னொரு இடத்தில் காலை வாருகிறது. பார்க்க ஒரே மாதிரி இருந்து, செய்ய வேண்டியது மட்டும் வேறாக இருந்தால் வினையே அங்கேதான். திருமலை சாருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? பேட் பேட்தானே என்கிற ஆளு!

"அப்போ எனக்கு எது தூக்கிவிடும், எது வாரும்னு பார்த்துச் சொல்லேன்" என்றாள் ரூக்ஸார். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சரியான கேள்வி. அன்றிலிருந்து அப்படித்தான் பார்த்தோம்.

கோர்ட்டில் அவள் ஓடுகிற விதம் அப்படியே உதவியது. எதிராளி அடிக்கும் நொடியில் ஒரு சின்னக் குதி குதித்து இரண்டு காலிலும் தயாராக நிற்பாள். ஷட்டிலிலிருந்து வந்தது. வலையோரம் போய் நின்றால் மட்டை மார்புக்கு நேரே தூக்கியே இருக்கும். அதுவும் அங்கிருந்து வந்தது. அடிக்கிறவரின் தோளைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுவாள்.

பேக்ஹாண்ட் மட்டும் அவளைப் படுத்தியெடுத்தது. ஷட்டிலில் கட்டைவிரலை வைத்து ஒரு சொடுக்கு. அதையே கனமான மட்டையில் செய்து முழங்கையின் வெளிப்பக்கம் வீங்கிக்கொண்டது. ரஹமத்துன்னிசா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "அந்தச் சாரை இங்க கூட்டியா, அவருக்கும் ஒரு ஒத்தடம் குடுக்கறேன்" என்றாராம். வலி தாங்காமல்தான் ரூக்ஸார் இரண்டு கையாலும் பிடித்து அடித்துப் பார்த்தாள். என்ன ஆச்சரியம், இரண்டு கை பேக்ஹாண்ட் சட்டென்று வந்துவிட்டது. ஷட்டிலில் இரண்டு கையால் பிடிக்கிற வேலையே கிடையாது. பழைய பழக்கம் எதுவும் குறுக்கே வந்து நிற்கவில்லை. அந்த அடியில் மட்டும் அவளும் தென்றல் மாதிரிதான்.

சர்வீஸ்தான் தீராத தலைவலியாக இருந்தது. மேலிருந்து அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சர்வீஸ் என்றாலே ஷட்டிலில் இடுப்புக்குக் கீழே, மூச்சை அடக்கிக்கொண்டு, வலையை உரசினாற்போல மெதுவாகத் தள்ளுவது. அந்தப் பதவிசு அப்படியே இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது. பந்தை மேலே போட்டு, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி ஒரு தட்டு. நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். கத்தக் கத்த இன்னும் மெதுவானாள்.

இந்த லட்சணத்தில் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. தீபத்துக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ரோடெல்லாம் தடுப்பு, வெளியூர் வண்டியெல்லாம் ஊருக்கு வெளியே. பள்ளி மைதானத்தை வண்டி நிறுத்தக் கொடுத்துவிட்டார் திருமலை சார். புது கோர்ட் பாழாகிவிடக் கூடாதென்று அதைச் சுற்றி இரும்பு வேலி போட்டுப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கோர்ட் இல்லை, வலை இல்லை.

"எங்க ஊருக்கு வாடி, பார்த்துக்கலாம்" என்றேன். எனக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக ஜீஷான் அவளைக் கொண்டுவந்து விட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலை பிடுங்கிப் போட்ட நிலம், மழை விட்டுக் காய்ந்து கிடந்தது. இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே அம்மாவின் பழைய சேலையைக் கட்டினேன். அந்த மண்ணில் பந்து எழும்பாது, அதனால் மட்டையால் ஆட வழியே இல்லை. எறியத்தான் முடியும்.

"பந்தை சேலைக்கு அந்தாண்ட எறி. எவ்ளோ பலமா முடியுமோ அவ்ளோ" என்றேன்.

எறிந்தாள். நான் அசந்துபோய்விட்டேன். முன் கால் ஊன்றி, இடது கை மேலே போய், முழங்கை முன்னால் வந்து, முன்கை கடைசியில் உள்பக்கமாகத் திரும்பி, பந்து விர்ரென்று போனது. அவள் ஷட்டிலில் ஸ்மாஷ் அடிக்கிற அதே கை! இத்தனை வாரம் இந்தக் கை எங்கே போய் ஒளிந்திருந்தது?

"ஏண்டி, இதுதான்டி சர்வீஸ்! நீ தள்ளவே வேணாம். மட்டையை எறியற மாதிரி நெனச்சுக்கோ. கைய விட்டு மட்டும் விடாத."

"இது ஸ்மாஷ் இல்ல?"

"ஸ்மாஷ்தான். உனக்குத் தெரிஞ்சதுதான். அதைத்தான் அங்கயும் அடிக்கணும்."

அவள் இன்னொரு பந்தை எடுத்து அதே மாதிரி எறிந்தாள். அப்புறம் சிரித்தாள். வாரக்கணக்கில் பார்க்காத சிரிப்பு. கூடையில் இருந்த பந்தையெல்லாம் எறிந்து தீர்த்தாள். பிறகு மட்டையை எடுத்து, அதே வீச்சில், பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். இடது கையால் பந்தைத் தூக்கிப் போடுவது மட்டும் புதுசு. அதுவும், ஷட்டிலைப் பார்த்து அந்தக் கை மேலே நீளுவது வழக்கம்தானே, சீக்கிரம் படிந்துவிட்டது.

ஆசை யாரை விட்டது? நானும் ஒன்று அடித்துப் பார்க்கிறேன் என்று வாங்கினேன். ஈட்டிக்காரி, சும்மா அடிக்க முடியுமா? இரண்டு எட்டு குறுக்கே ஓடி, மேல்நோக்கி ஒரு வீச்சு. பந்து வேப்ப மரத்துக்கு மேலே பறந்து எங்கள் சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் விழுந்தது. "ஓடக் கூடாதுடி, நின்ன இடத்துலேர்ந்து அடிக்கணும். ஈட்டியா அது, மலைக்கு மேல போவ?" என்று ரூக்ஸார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் எனக்கு டீச்சர்.

அருண்பிரசாத் சார் வந்த நாள் மார்கழிக் குளிர். பெற்றோர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜீஷான் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். ரஹமத்துன்னிசா டிபன் கேரியரோடு முன் வரிசையில். அருண்பிரசாத் அமைதியான மனிதர். ரிப்பன் வெட்டி முடிந்ததும் திருமலை சாரின் பேச்சுக்கெல்லாம் காத்திருக்காமல் மட்டையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

முதலில் சும்மா தட்டித் தட்டி ஆடியது பரவாயில்லை. இரண்டு கை பேக்ஹாண்ட் நன்றாகவே போனது. ஃபோர்ஹாண்ட் நாலுக்கு ஒன்று வெளியே போனாலும் ரோட்டுக்குப் போகவில்லை. அப்புறம் அவர் சர்வீஸ் போட ஆரம்பித்தார்.

முதல் சர்வீஸ் கொஞ்சம் மெதுவாக, உயரமாக வந்தது. ரூக்ஸாரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பயம் வந்தால் புதுசாகக் கற்றதெல்லாம் கழன்றுவிடும், ஊறிப்போனதுதான் முன்னால் வரும். எத்தனை போட்டியில் பார்த்திருக்கிறேன்! அவள் பாய்ந்தாள். பந்து தரையில் படும் முன்னே காற்றிலேயே ஒரு சொடுக்கு. மின்னல் மாதிரி அருண்பிரசாத்தின் பக்கம் போய் மூலையில் விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. ரஹமத்துன்னிசா எழுந்தே நின்றுவிட்டார். திருமலை சார் பெற்றோர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சர்வீஸை மட்டும் தரையில் படாமல் எடுக்கவே கூடாது. எடுத்தால் பாயின்ட் போட்டவருக்கு.

கைதட்டல் அடங்குவதற்குள் ரூக்ஸாரே மட்டையைத் தூக்கிக் காட்டினாள். "உங்க பாயின்ட் சார்" என்றாள்.

அடுத்ததும் அப்படியே ஆனது. இந்தத் தடவை கைதட்டல் கம்மி. திருமலை சார் யாரிடமோ என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற தொண்டையெல்லாம் சேர்த்து, "விழட்டும், ரூக்ஸார்!" என்று கத்தினேன். பெற்றோர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, யாருக்கு என்ன?

மூன்றாவது சர்வீஸ் வந்தபோது அவள் வாய் அசைந்தது. "விழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பந்து பட்டது. "அடி" என்றாள். திருப்பி அடித்தாள். சாதாரண அடிதான், நடுவில் போய் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் சர்வீஸ் போடும் முறை வந்ததும் கதையே மாறிவிட்டது. கடலை நிலத்தில் எறிந்த கை வந்தது. போட்ட வேகத்தோடு வலைக்கு ஓடினாள். அவர் திருப்பியதை, மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, பந்து விழும் முன்பே குத்தித் தள்ளினாள். இங்கே விழ விட வேண்டியதில்லை. சர்வீஸைத் தவிர மற்றதைக் காற்றில் எடுக்கலாம். ஓடாதே என்று நாங்கள் அடக்கி வைத்த அந்தக் காலே இப்போது அவளுக்கு வேலை செய்தது. அந்த ஆட்டத்தை அவள்தான் எடுத்தாள்.

அருண்பிரசாத் வலைக்கு வந்து, "ஷட்டில் எவ்ளோ வருஷம்மா ஆடினீங்க?" என்றார்.

"சின்ன வயசுலேர்ந்து சார்."

"தெரியுது. நானும் அப்படி வந்தவன்தான். அந்தச் சர்வீஸை நானும் காத்துலயே எடுத்திருக்கேன்." பிறகு பிள்ளைகளில் யாராவது ஷட்டில் ஆடுகிறவரைக் கூப்பிடச் சொன்னார். மதிவதனி வந்தாள். ரூக்ஸார் தயார் செய்த பிள்ளைதான். "இந்தக் குழந்தைக்கு இப்ப என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

ரூக்ஸார் யோசிக்கவே இல்லை. பந்து பட்டதும் "விழு", அடிக்கும்போது "அடி" என்று சத்தமாகச் சொல்லச் சொன்னாள். பேக்ஹாண்டுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு கை. சர்வீஸுக்கு மட்டையே வேண்டாம், முதலில் பந்தை எறி. எங்கே சறுக்கும் என்று ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளே சறுக்கி விழுந்த இடங்கள்தானே.

அருண்பிரசாத் திருமலை சாரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இவங்க ஆட்டம் முழுசா சேர இன்னும் ரெண்டு வருஷம் ஆவும் சார். ஆனா பசங்களுக்கு வேற ஆள் வேணாம். இவங்களே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் செய்யுங்கம்மா. ஒரு ஆறு மாசம் ஷட்டில் பேட்டைத் தொடாதீங்க. ரெண்டும் கலந்தா இது நிக்காது."

வேலை நிலைத்தது. ஜீஷான் அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அருண்பிரசாத் சொன்னபடியே ரூக்ஸார் ஷட்டில் மட்டையை பீரோ மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் கிளப்பில் என்னோடு ஷட்டில் டபுள்ஸ் ஆடுகிறவள், அதையும் விட்டாள். நான் வேறு ஜோடியோடு ஆடிக் கடுப்பாகி, வீட்டிலேயே தூங்கினேன். அவள் காலையும் மாலையும் அந்த நீலத்தில் நின்றாள். ஃபோர்ஹாண்ட் சரியானது, முழங்கை வலி போனது. தென்றலும் மதிவதனியும் பள்ளிக்காக ஆடப் போனார்கள்.

ஆனியில் கிளப்பின் வருஷாந்திரப் போட்டி வந்தது. "ஆறு மாசம் ஆச்சுடி, வா" என்றேன். ஆசையோடு வந்தாள். அவள் அப்பா தைத்த பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, பழைய மட்டையோடு. மட்டையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்து, "ஈர்க்குச்சி மாதிரி இருக்குடி" என்றாள். ரஹமத்துன்னிசா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எதிரில் இரண்டு சின்னப் பெண்கள். ஒன்றும் பெரிய ஆட்டக்காரிகள் இல்லை. முதல் பாயின்டிலேயே அதில் ஒருத்தி வலையோரம் மெதுவாக விழுகிற ஒரு டிராப் போட்டாள். சுமாரான டிராப். ரூக்ஸார் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில் ஒன்று. அவள் சரியாகத்தான் ஓடினாள். காக்குக்கு ஒரு எட்டு முன்னால் நின்றாள். முட்டியை மடக்கினாள். மட்டையைப் பின்னால் கொண்டுபோனாள். உதடு லேசாக அசைந்தது.

காக் அவள் காலடியில் விழுந்து, அசையாமல் கிடந்தது.

கிளப்பில் எல்லாரும் ஆடிக்கொண்டும் பேசிக்கொண்டும்தான் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரஹமத்துன்னிசா மட்டும், "என்னாச்சு, ரூக்ஸார் ஏன் எடுக்கல?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"அது ஒண்ணுமில்லடி. நாலு நாள் ஆடினா திரும்பி வந்துடும்" என்றேன். பொய்யில்லை, வந்துவிடும். ஈட்டிக்குப் பிறகு கிரிக்கெட்டுக்குத் திரும்பிய வளவனுக்கும் வந்தது. ஆனால் விழட்டும் விழட்டும் என்று வருஷமெல்லாம் கத்தியவள் நான்தானே.

ரூக்ஸார் குனிந்து அந்த ஷட்டிலை எடுத்து, இறகைச் சரி செய்தாள்.

"எழும்பும்னு நின்னுட்டேன், வேதா" என்றாள்.